கலாய்ப்பு ஏறும் படிகளும் இறங்க வேண்டிய இடமும்

நண்பர்களுக்குள் நடக்கும் கலாய்ப்பு ஒரே வாக்கியத்தில் முடிவது அபூர்வம். ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் கவுண்டர் கொடுப்பார், அந்தக் கவுண்டருக்கு இன்னொரு கவுண்டர் வரும். சுற்றுக்குச் சுற்று காரம் கூடும். பெரும்பாலான நாட்களில் யாராவது ஒருவர் பதில் கிடைக்காமல் சிரித்துவிடுவார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். சில நாட்களில் மட்டும் ஒரு வார்த்தைக்குப் பிறகு மேசையே அமைதியாகிவிடும். "சும்மா தமாசுக்குச் சொன்னேன்டா" என்று ஒருவர் சமாளிப்பார். அந்த அமைதி திடீரென்று வந்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்கு இரண்டு மூன்று சுற்றுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்கும்.

கிண்டலுக்கு முதலில் உரிமை வேண்டும். மானிடவியலாளர் ஏ. ஆர். ராட்க்ளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒருவர் மற்றவரைக் கேலி செய்வதற்கு வழக்கமே அனுமதி தருகிற உறவுகளைப் பற்றிப் பேசுகிறார். சில இடங்களில் கேலி செய்தே ஆக வேண்டும், கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளவும் கூடாது. தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி இல்லை. மச்சினனும் மாமன் மகனும் அத்தை மகளும் கேலிக்கு உரியவர்கள். சித்தப்பாவிடம் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இரத்த உறவே இல்லாத நண்பர்கள் ஒருவரையொருவர் "மாப்ள", "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொள்ளும்போது அந்த முறையோடு அதற்குரிய கேலி உரிமையும் சேர்ந்தே வருகிறது. அண்ணன் என்று அழைக்கப்படும் நண்பரை யாரும் அந்த அளவுக்கு ஓட்டுவதில்லை என்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

உரிமை இருந்தால் மட்டும் போதாது. 'இது விளையாட்டு' என்ற செய்தியும் ஒவ்வொரு முறையும் கூடவே போய்ச் சேர வேண்டும். கிரிகரி பேட்சன் 1952-இல் சான்ஃபிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிச்சாலையில் குரங்குகள் விளையாட்டாகச் சண்டையிடுவதைப் பார்த்தார். அவை செய்வதெல்லாம் நிஜச் சண்டையைப் போலவே இருந்தது. ஆனால் அது சண்டையில்லை என்பது அந்தக் குரங்குகளுக்கும் தெரிந்திருந்தது, வெளியே நின்று பார்த்தவருக்கும் தெரிந்தது. மனிதர்கள் இந்தச் செய்தியைக் குரலில் வைக்கிறார்கள். வார்த்தையை இழுத்துச் சொல்வது, மேடைப் பேச்சாளர் போலத் தொண்டையைச் செருமிக்கொள்வது, சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வது, தொடக்கத்தில் ஒரு "என்ன மாப்ள" போட்டுக்கொள்வது எல்லாம் அதற்காகத்தான். இந்த அடையாளங்கள் குறையக் குறைய, அதே வாக்கியம் வேறு ஒன்றாகக் காதில் விழும்.

ஏற்றம் எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை உரையாடலை வைத்துப் பார்க்கலாம். சனிக்கிழமை மாலை, டீக்கடை வாசல், நான்கு நண்பர்கள். அவர்களில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கி வந்து நிறுத்துகிறார். அவரை வண்டிக்காரர் என்றும், முதலில் வாயைத் திறப்பவரை வம்புக்காரர் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"என்ன மாப்ள, வண்டிய மியூசியத்துல இருந்து தூக்கிட்டு வந்தியா?"

"ஆமாடா. பக்கத்து கண்ணாடிப் பொட்டில நீதான் நின்ன. உன்னையும் சேத்து எடுத்துக்கச் சொன்னாங்க, வண்டி தாங்காதுன்னு விட்டுட்டேன்."

"தாங்காதுதான். ஸ்பீட் பிரேக்கரப் பாத்தாலே எறங்கித் தள்ளணுமே அத."

"தள்ளுனாலும் சொந்த வண்டி. நீ உங்கப்பா ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடவே ரெண்டு வருசம் கத்துக்கிட்டவன்."

இதுவரை எல்லாம் சரியாகப் போகிறது. நான்கு வரியிலும் ஒரு பொது அம்சம் உண்டு: எதுவும் உண்மை இல்லை. வண்டி மியூசியத்திலிருந்து வரவில்லை, ஸ்டாண்டு போட யாரும் இரண்டு வருடம் படிப்பதில்லை. அது பொய் என்பது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்கள் தங்களுக்குள் விளையாடும் வசைப் போட்டியை ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ், 1972-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் முதல் விதியாகக் காட்டினார். வசை எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. அபத்தமான வசைக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. அதைவிட அபத்தமான இன்னொன்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரித்தும் ஓவென்று கத்தியும் தீர்ப்புச் சொல்வார்கள்.

நல்ல கவுண்டர் முந்திய வரியிலிருந்தே தன் சரக்கை எடுத்துக்கொள்ளும். மியூசியம் என்றதும் பதிலில் கண்ணாடிப் பெட்டி வந்தது, தாங்காது என்றதும் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. இந்தத் தொடர்ச்சி இருக்கும்வரை போட்டி வார்த்தைத் திறமையில்தான் நடக்கிறது, ஆளின் மீது நடப்பதில்லை. அதே உரையாடலில் நான்காவது வரி மட்டும் சற்று நகர்ந்திருக்கிறது. வண்டியைப் பற்றிய பேச்சில் எதிராளியின் திறமையும், ஓரத்தில் அவருடைய அப்பாவும் வந்துவிட்டார்கள். சொன்னவர் வேண்டுமென்று செய்ததில்லை. முந்திய அடியைவிட ஒரு பிடி கூட வேண்டும் என்ற நெருக்கடியில் கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறார்.

அந்த ஒரு பிடி ஏன் கூடுகிறது என்பதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. லண்டனில் சுக்விந்தர் ஷெர்கிலும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு பேர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். வாங்கிய அழுத்தத்தை அதே அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. இருவரும் அப்படியே செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிக்கொண்டே போனது. தான் கொடுக்கும் அழுத்தத்தை மூளை குறைத்து உணர்கிறது, வெளியிலிருந்து வருவதை முழு அளவில் உணர்கிறது. விரலில் கண்டதை அப்படியே பேச்சுக்கு நிரூபணமாக வைக்க முடியாதுதான். ஆனாலும் கிண்டலிலும் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. ஜஸ்டின் க்ரூகரும் கூட்டாளிகளும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டல் செய்தவர்கள் தங்கள் கிண்டலை எடுத்துக்கொண்டதைவிட, கிண்டலுக்கு ஆளானவர்கள் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள். சொன்னவருக்குத் தன் நோக்கம் உள்ளே தெரியும். கேட்டவருக்கு வார்த்தை மட்டும்தான் வந்து சேர்கிறது. எனவே இருவரும் 'அவன் சொன்ன அளவுக்குத்தான் நானும் சொன்னேன்' என்று மனதாரச் சொல்லலாம், இருவர் சொல்வதும் நேர்மையாகவே இருக்கலாம், அதற்குள் இரண்டு படி ஏறியிருக்கும்.

சுற்றி நிற்பவர்கள் இதை இன்னும் வேகப்படுத்துகிறார்கள். இருவர் மட்டும் பேசும்போது ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாவது ஆள் "ஓஓஓ" என்று இழுத்த அந்த நொடியில் அதுவே ஆட்டமாகிவிடுகிறது, பதில் சொல்லாமல் விடுவது தோல்வியாகிவிடுகிறது.

ஏறும் பாதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் பொருள்: சட்டை, வண்டி, செல்போன். அடுத்து செய்கை: ஓட்டும் விதம், சமைக்கும் விதம், தாமதமாக வரும் பழக்கம். அதற்கு மேல் ஆளின் குணமும் உடலும். எல்லாவற்றுக்கும் மேல் வீடு, வருமானம், கல்யாணம், குழந்தை, சாதி. சில நட்புகளில் கல்யாணத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், தலைமுடியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆகவே இந்த வரிசை எல்லோருக்கும் பொதுவான சட்டம் இல்லை. உண்மையில் ஆபத்தை முடிவு செய்வது தலைப்பைவிட இன்னொரு விஷயம்: சொல்வது பொய்யாக இருப்பது எப்போது நிற்கிறது என்பது. டீக்கடை உரையாடலின் அடுத்த வரி இப்படி வருகிறது.

"சொந்த வண்டியா? மொதல்ல ட்யூவ கட்டி முடி, அப்புறம் சொந்தம் கொண்டாடு."

வம்புக்காரர் தன் கணக்கில் சரியான கவுண்டர்தான் கொடுத்திருக்கிறார். "சொந்த வண்டி" என்ற சொல்லைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார், முந்தியவற்றைவிட இது கூர்மையாகவும் இருக்கிறது. சிரிப்பும் இதற்குத்தான் அதிகம் கிடைக்கும். ஆனால் இந்த வரியில் மிகை இல்லை. வண்டிக்கு நிஜமாகவே தவணை ஓடுகிறது. வண்டிக்காரருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இழுபறியில் இருக்கிறது. அந்தச் செய்தி வம்புக்காரருக்கு அரைகுறையாகத் தெரியும். வண்டிக்காரரின் பதிலைக் கவனிக்க வேண்டும்.

"இல்லடா, இந்த மாசம் மட்டும்தான் லேட்டு. அஞ்சாம் தேதி கட்டிருவேன்."

இங்கே கவுண்டர் இல்லை, விளக்கம் இருக்கிறது. தேதி சொல்கிறார். லபோவின் ஆய்வில் ஆட்டம் உடையும் இடம் இதேதான்: வசை உண்மைக்குப் பக்கத்தில் வந்ததும் எதிராளி விளையாட்டை விட்டு மறுக்கத் தொடங்குகிறார், காரணம் சொல்கிறார். மியூசியத்தைப் பற்றிச் சொன்னபோது "இல்லை, இது 2016 மாடல்" என்று வண்டிக்காரர் விளக்கம் சொல்லவில்லையே. பொய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை, உண்மைக்குத் தேவைப்படுகிறது. கலாய்ப்பில் கவனிக்கத்தக்க அறிகுறிகளில் இதுவே முதன்மையானது. பலரும் தவறவிடுவதும் இதையே, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கிண்டலுக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒவ்வொருவரும் காயப்பட்டவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பால் ட்ரூ என்ற ஆய்வாளர் 1987-இல், இயல்பாக நடந்த உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேலி என்று நன்றாகத் தெரிந்தும், சிரித்துக்கொண்டேயும்கூட, ஆட்கள் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவது அவற்றில் சகஜமாக இருந்தது. ஆகவே ஒருமுறை விளக்கம் சொன்னதும் பதறிப் போய் நிறுத்த வேண்டியதில்லை. விளக்கம் சொன்னவர் அடுத்த மூச்சிலேயே திருப்பிக் கொடுக்கிறாரா என்று பார்த்தால் போதும். "அஞ்சாம் தேதி கட்டிருவேன், நீ பெட்ரோல் மட்டும் போடு" என்று முடித்திருந்தால் அவர் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறார். தேதியோடு நிறுத்திக்கொண்டால் வெளியே போய்விட்டார்.

மற்ற அறிகுறிகள் இதற்குப் பின்னால் வரிசையாக வரும். சிரிப்பு மாறும். வாக்கியம் முடியும் முன்பே பொங்கி வந்த சிரிப்பு, இப்போது ஒரு கணம் தாமதித்து, "ஹ்ம்" என்று மூக்கால் வந்து நிற்கும். சிரிப்பதை மட்டும் வைத்து ஆள் சரியாக இருக்கிறார் என்று முடிவு செய்வது தவறான வழி. கூட்டத்தில் அடி வாங்கியவருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு மரியாதையான வழியும் இல்லை. சிரித்த பிறகு வாய் என்ன பேசுகிறது என்பதுதான் கணக்கு. கை செல்போனுக்குப் போவது, டீ கிளாஸைத் தேவையில்லாமல் சுற்றுவது, "சரி, கெளம்பணும்" என்பது எல்லாம் ஒரே வகை.

அழைக்கும் விதம் மாறுவது தமிழில் மிகத் தெளிவாகக் கேட்கும் அறிகுறி. "டா" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று "சொல்லுங்க சார், நீங்க பெரிய ஆளு" என்றால் அதுவும் நக்கல்தான், ஆனால் மாப்ள உறவு அந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. "டா"வும் இல்லாமல் "மாப்ள"வும் இல்லாமல் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் மோசம்.

பக்கம் சாய்வது வேறொரு அறிகுறி, இதைக் காயப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். டீக்கடையில் மூன்றாவது நண்பர் இப்போது, "பைனான்ஸ்காரன் வந்து சாவியக் கேக்கப் போறான்" என்கிறார். நான்காமவர், "சாவி குடுத்துட்டு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு நடந்தே போவான்" என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சுமாரான ஜோக்குகள். ஆனால் அடுத்தடுத்து மூன்று வரிகள் ஒரே ஆளின் மீது, ஒரே விஷயத்தில் விழுந்திருக்கின்றன, அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கவுண்டமணியும் செந்திலும் சேர்ந்து நடித்த நகைச்சுவையில் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், மற்றவர் வாங்கிக்கொண்டே இருப்பார். வாங்குவதற்கு அங்கே சம்பளம் உண்டு. நண்பர் வட்டத்தில் அந்த ஏற்பாடு நின்று பிடிக்காது. யார் யாரைச் சொன்னார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்து, கணக்கு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அப்போதே போதும்.

"சும்மாதான்டா", "தமாசு" என்ற சொற்கள் தேவைப்படுவதே கடைசி அறிகுறி. விளையாட்டு என்பது குரலிலேயே தெரிந்தவரை யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

இறக்கும் வழிகளில் வேலை செய்வது எது, செய்யாதது எது என்பதை அதே உரையாடலில் பார்க்கலாம். வண்டிக்காரர் "அஞ்சாம் தேதி கட்டிருவேன்" என்றதும் வம்புக்காரருக்கு ஒரு வரி கிடைத்தது. அந்த வரியில் அவர் இப்படிச் சொல்லியிருந்தால்:

"நீயாச்சும் அஞ்சாம் தேதி. என் வண்டிக்கு இன்னும் எட்டு ட்யூ கெடக்கு, அந்த போன் வந்தாலே பாத்ரூமுக்குள்ள ஓடிர்றேன்."

தலைப்பு மாறவில்லை, அது முக்கியம். சட்டென்று கிரிக்கெட்டுக்குத் தாவினால், தவணை என்பது பேசக்கூடாத பெரிய விஷயம் என்று எல்லோர் முன்னாலும் முத்திரை குத்தியது போலாகும். தலைப்பை அப்படியே வைத்து, அடி விழும் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார். மிகையும் திரும்பி வந்துவிட்டது. பாத்ரூமுக்குள் ஓடுவது நிஜமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வண்டிக்காரருக்கு இப்போது திருப்பிக் கொடுக்க ஒரு எளிய பந்து கிடைத்திருக்கிறது. அவர் அடித்தால் வாங்கிக்கொண்டு, "ஒத்துக்கறேன் சாமி" என்று கடைசி வார்த்தையை அவரிடமே விட்டுவிட வேண்டும். இதில் கெட்டுப்போகும் இடம் பரிதாபம். "பாவம்டா, அவனுக்குக் கஷ்டம்" என்ற தொனி ஒரு துளி வந்தாலும், கிண்டலைவிட அது அதிகமாக உறுத்தும்.

மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் வேலை இன்னும் சுலபம். ஓவென்று கத்தாமல் இருந்தாலே ஆட்டத்துக்கு ஆடுகளம் போய்விடும். இன்னும் கொஞ்சம் உதவ நினைப்பவர் வம்புக்காரரைத் தாக்கலாம்: "நீ மொதல்ல போன மாச டீக்காசக் குடு." பார்வையாளராக இருந்தவர் அடி வாங்குபவரின் பக்கம் வந்து நிற்பது கணக்கை உடனே நேராக்கும். "அண்ணே, இன்னும் நாலு டீ" என்று கடைக்காரரைக் கூப்பிடுவதும் ஒரு வழிதான். அது ஒரு நிமிட இடைவெளி தரும், அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் புத்தி வந்துவிடும்.

அடி வாங்கியவரே இறக்க வேண்டியிருந்தால், சீக்கிரம் சொல்வதுதான் அவருக்கு லாபம். "மாப்ள, அத விடு" என்ற இரண்டு மூன்று வார்த்தை, சாதாரணக் குரலில், முதல் விளக்கத்தின்போதே வந்தால் பெரும்பாலும் எடுபடும். இரண்டு சுற்று தாங்கிவிட்டு மூன்றாவதில் சொன்னால், குரலில் அதுவரை சேர்ந்ததெல்லாம் சேர்ந்து வரும், கேட்பவர்களுக்கு அது வெடிப்பாகத் தெரியும்.

வேலை செய்யாத வழிகளில் முதலாவது "ஒரு ஜோக்கக்கூடத் தாங்க மாட்டியா?" என்பது. காயப்பட்டவர் மீது இன்னொரு குற்றமும் ஏறிவிடுகிறது: இதுவரை வண்டி, இப்போது அவருடைய மனசு. இரண்டாவது, எல்லோர் முன்னாலும் நீளமாக மன்னிப்புக் கேட்பது. அதுவரை தெரியாதவர்களுக்கும் அங்கே ஏதோ ஒரு புண் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். தனியாகச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்வதே மேல். கிளம்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "ட்யூ விசயத்த இழுத்திருக்கக் கூடாது மாப்ள" என்றால் போதும். அவர் "அட போடா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் இவை எதுவும் இப்படி நடக்காது. குரல் இல்லை, முகம் இல்லை. க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, மின்னஞ்சலில் எழுதும் நக்கல் எதிராளிக்குப் புரியும் என்று எழுதுபவர்கள் நம்பிய அளவுக்கு அது புரியவில்லை என்று காட்டியது. எழுதியவர் தன் வரியைத் தன் குரலிலேயே மனதுக்குள் கேட்கிறார். படிப்பவர் அப்போது இருக்கும் மனநிலையின் குரலில் படிக்கிறார். சிரிப்புக் குறிகள் கொஞ்சம் உதவும், ஆனால் காயப்பட்டவரும் அதே குறியைத்தான் போடுவார். அங்கே பார்க்க வேண்டியது, வழக்கமாக உடனே பதில் போடுபவர் நீலக் குறி விழுந்தும் பேசாமல் இருக்கிறாரா என்பதை. அப்படியிருந்தால் குழுவில் இன்னொரு வரி எழுதுவதைவிட அவருக்குப் போன் செய்வது நல்லது. எழுத்தில் விழுந்த அடி மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கும், குழுவில் சேர்ந்த புது ஆளுக்கு யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் அனுப்பலாம்.

இந்தக் கணக்கெல்லாம் சமமான நண்பர்களுக்குள் மட்டுமே செல்லும். அலுவலகத்தில் மேலதிகாரி ஊழியரைக் கலாய்க்கும்போதும், புதிதாக வந்த ஜூனியரை சீனியர்கள் சுற்றி நின்று ஓட்டும்போதும் திருப்பிக் கொடுக்க எதிராளிக்கு உரிமை இருக்காது. அங்கே படி ஏறியதா என்று அளக்கவே வேண்டியதில்லை, முதல் வரியிலேயே அது கலாய்ப்பு இல்லை. இருபது வருட நண்பர்களிடம் நிலைமை நேர்மாறு: வெளியாள் கேட்டால் திடுக்கிடும் வார்த்தைகளை அவர்கள் தினமும் சொல்லிக்கொள்வார்கள், எதுவும் ஆகாது. அவர்களுக்குள்ளும் தொடாத ஒன்றிரண்டு தலைப்புகள் இருக்கும். அவை எவை என்று அவர்கள் ஒருபோதும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு நாள் மேசை அமைதியாகியிருக்கும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.